முனுசாமி எப்படி மூன்சாமி ஆனார்?

'காட்ஃபாதர்' படத்தின் இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சி. சிசிலியிலிருந்து தப்பி வந்த சிறுவன் நியூயார்க் துறைமுகத்தில் எழுத்தர் முன்னால் நிற்கிறான். பெயர் கேட்டால் வாய் திறக்கவில்லை. சட்டையில் தொங்கும் அட்டையை ஒருவர் படித்துச் சொல்கிறார்: கொர்லியோனே ஊரைச் சேர்ந்த வீட்டோ அந்தோலினி. எழுத்தர் அவசரத்தில் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக எழுதிக்கொள்கிறார். அன்றிலிருந்து அந்தப் பையனும் அவன் பிள்ளைகளும் கொர்லியோனே. படம் வந்தது 1974-ல். அதற்கு 5 ஆண்டுகள் முன்னால் வந்த மாரியோ பூசோவின் நாவலில் இந்த எழுத்தர் கிடையாது. ஊரோடு ஒரு தொடர்பு மிஞ்சட்டும் என்று அவனே அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறான். திரைக்கு வரும்போது அந்த முடிவு பையனின் கையிலிருந்து எழுத்தரின் பேனாவுக்கு மாறிவிட்டது.

அமெரிக்கக் குடும்பங்களில் இந்தக் கதை பரவலாக உண்டு. "எல்லிஸ் தீவில் எங்கள் தாத்தா பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள், அதனால்தான் இந்தப் பெயர்" என்பார்கள். எல்லிஸ் தீவின் குடியேற்ற நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அதன் வழியாக நாட்டுக்குள் போனார்கள். ஆனால் அங்கிருந்த அதிகாரி பெயர் எழுதும் வேலையையே பார்க்கவில்லை. பயணிகள் பட்டியலைக் கப்பல் கம்பெனி, நேப்பிள்ஸிலோ ஹாம்பர்க்கிலோ, கப்பல் கிளம்புவதற்கு முன்பே தயார் செய்துவிடும். நியூயார்க்கில் இருந்த அதிகாரி அந்தப் பட்டியலை மேசையில் விரித்து வைத்து, எதிரில் நிற்பவர் சொல்வது அதில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். பயணியின் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தார். பிற்காலத்தில் நியூயார்க் மேயரான லா கார்டியா இளவயதில் அந்த வேலை பார்த்தவர்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோதனை முடிந்து வெளியே வந்த பயணியிடம், "இனி உன் பெயர் இது" என்று சொல்லும் காகிதம் எதையும் யாரும் கொடுக்கவில்லை. பட்டியலில் பெயர் எப்படி இருந்தாலும் சரி, மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் அவர் தன் பெயரைத் தன் விருப்பப்படி சொல்லிக்கொள்ளலாம். பெயர்கள் மாறியது உண்மை. பெரும்பாலும் அது ஊருக்குள் போன பிறகு நடந்தது. முதலாளிக்கு வாயில் நுழையவில்லை என்றோ, பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்தார்கள் என்றோ குடும்பங்கள் தாங்களாகவே மாற்றிக்கொண்டன. குடியுரிமை பெறும்போது நீதிமன்றத்திலேயே பெயரை மாற்றிக்கொள்ள 1906-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது.

அப்படியானால் ஓர் எழுத்தரின் பேனா ஒரு குடும்பத்தின் பெயரை நிரந்தரமாக மாற்றிய இடம் உலகில் எங்குமே இல்லையா? இருக்கிறது. பயணியை விடக் காகிதத்துக்கு அதிகாரம் இருந்த இடங்களில் அது நடந்தது. நமக்கு மிக நெருக்கமான இடம், தென்னாப்பிரிக்காவின் நேட்டால்.

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பியது. நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. 1911-ல் இந்த ஏற்பாடு நிறுத்தப்படும் வரை 1,52,184 பேர் போனார்கள். கல்கத்தா வழியாகவும் கப்பல்கள் போயின என்றாலும், பெரும்பாலோர் சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் எனப் பல பக்கத்துக்காரர்கள் அவர்களில் இருந்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி. பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம், ஜில்லா, தாலுகா, கிராமம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எண். ட்ரூரோவில் வந்தவர்களில் தொடங்கி வரிசையாக ஏறிக்கொண்டே போன எண் அது.

அந்த வரி எப்படி உருவாயிற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கப்பல் வரும் வரை ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் எழுத்தர் ஒருவர் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். அதைப் பார்த்துக் கப்பலுக்கான பட்டியல் எழுதப்பட்டது. டர்பனில் இறங்கியதும் குடியேற்ற அலுவலகத்தின் பதிவேட்டில் எண்ணோடு ஏற்றப்பட்டது. ஆக, நமக்கு இன்று கிடைப்பது ஒரு பிரதியின் பிரதி. ஒவ்வொரு கட்டத்திலும் வேறொருவர் கை. தமிழ் தெரியாத வெள்ளைக்காரர் காதில் தப்பாக விழுந்ததால் பெயர் கெட்டது என்று நினைப்பது எளிது. ஆனால் தமிழோ தெலுங்கோ தெரிந்தவர் எழுதியிருந்தாலும், தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத அன்று ஒரு முறை கிடையாது. 'உ' என்ற ஒலிக்கு ஒருவர் u போடுவார், இன்னொருவர் oo போடுவார். குப்புசாமியின் முதல் எழுத்து K-யாகவும் வரும், C-யாகவும் வரும். போதாக்குறைக்குக் கூட்டெழுத்து. சாய்த்து எழுதும் அந்தக் கையெழுத்தில் u-வும் n-ம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முனுசாமி என்ற பெயரில் அவை அடுத்தடுத்து வருகின்றன. அதைப் பிரதி எடுப்பவர் ஒரு வளைவைக் குறைத்துப் படித்தால் போதும், பெயரில் ஓர் அசை காணாமல் போகும். இன்று தென்னாப்பிரிக்காவில் Munsamy என்றும் Moonsamy என்றும் குடும்பப் பெயர் உள்ளவர்கள் ஏராளம். அருணாசலம் அங்கே Arnachellum.

ஒலி சிதைவது சிறிய விஷயம். அதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. டிப்போவுக்கு வந்த அந்த மனிதருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவே இல்லை. அவர் குப்புசாமி. எந்தக் குப்புசாமி என்று கேட்டால், முனுசாமி மகன். அவர் பிள்ளை அருணாசலம், குப்புசாமி மகன். தலைமுறைக்குத் தலைமுறை நகர்ந்துகொண்டே போகும் பெயர் அது. நேட்டால் அரசின் படிவங்களோ பிரிட்டிஷ் வழக்கப்படி அமைந்தவை. கடைசியாக நிற்கும் சொல் குடும்பப் பெயர், அது தகப்பனுக்கும் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒன்றே. நகரும் பெயரை நகராத கட்டத்துக்குள் எழுத வேண்டிய நிலை வந்தபோது, எந்தச் சொல் கடைசியில் நின்றதோ அது அங்கேயே உறைந்துவிட்டது.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஆரணிப் பக்கத்தில் முனுசாமிக்கு மூன்று மகன்கள். மூத்தவர் குப்புசாமி ஒரு கப்பலில் போகிறார். இரண்டு வருஷம் கழித்துப் பெருமாள் வேறொரு கப்பலில். கடைசியாக, அண்ணன்களைத் தேடி கோவிந்தன். மூன்று பேரையும் மூன்று எழுத்தர்கள் எழுதுகிறார்கள். மூத்தவருக்குத் தகப்பன் பெயர் Moonsamy என்று விழுகிறது. கலியாணப் பதிவின்போது அந்தத் தகப்பன் பெயரை இரண்டாவது பெயராகச் சேர்த்துக் 'குப்புசாமி மூன்சாமி' ஆக்கிவிடுகிறார்கள். பெருமாளுக்குத் தகப்பன் பெயர் தெளிவாக இல்லை. பிள்ளை பிறந்தபோது அவருடைய பெயரையே பிள்ளையின் குடும்பப் பெயராக எழுதுகிறார்கள். அந்தக் கிளை முழுக்க இனி 'பெருமாள்'. கோவிந்தன் வந்த பட்டியலில் சாதிக் கட்டத்தில் படையாச்சி என்று இருக்கிறது, அவருக்கு அதுவே பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஐம்பது வருஷம் கழித்து இந்த மூன்று அண்ணன் தம்பிகளின் பேரப்பிள்ளைகள் ஒரே தெருவில் வசித்தாலும், அரசுக் காகிதங்களின்படி அவர்கள் மூன்று வெவ்வேறு குடும்பங்கள்.

இது கற்பனை என்றாலும் இதன் ஒவ்வொரு படியும் அங்கே நடந்ததுதான். டர்பன் பக்கம் அதிகம் கேட்கும் பெயர்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மூன்சாமி, பெருமாள், அர்னச்செல்லம் என்று ஏதோ ஒரு காலத்துத் தகப்பன்மாரின் பெயர்கள். இன்னொரு பக்கம் நாயுடு, மூட்லி, பிள்ளை, செட்டி, படையாச்சி, பத்தர் என்று சாதிக் கட்டத்திலிருந்து வந்தவை. கவுண்டர் என்பதே கோவெண்டர் ஆயிற்று என்பார்கள். தமிழ்நாட்டில் ஒரு காலகட்டத்தில் சாதிப் பெயரை வேண்டுமென்றே உதறிவிட்டுத் தலைப்பெழுத்தோடு நின்றார்கள். கடல் கடந்தவர்களுக்கோ அது குடும்பப் பெயராக இறுகிவிட்டதால், பொருள் மறந்த பிறகும் கூடவே இருக்கிறது. 'கோவெண்டர்' என்ற பெயரை வைத்து ஒருவரின் சாதியை இங்கிருந்து கணிப்பது தவறு என்றே நினைக்கிறேன். அந்தக் கட்டத்தில் இருந்தது எழுத்தர் எழுதிய சொல். அவர் ஊரில் விசாரித்து எழுதவில்லை.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். 1914-ல் சத்தியாகிரகத்தில் சிறை சென்று உயிர்விட்ட பெண்ணை நாம் தில்லையாடி வள்ளியம்மை என்கிறோம். தில்லையாடி அவர் குடும்பத்தின் ஊர். காந்தி தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகம் பற்றி எழுதிய நூலில் அவர் பெயர் வள்ளியம்மா ஆர். முனுசாமி முதலியார். இங்கே பெயரோடு ஊர் நின்றது. அங்கே தகப்பனும் சாதியும் நின்றார்கள். இரண்டும் ஒருவரே என்று நமக்குத் தெரிவது அவர் புகழ் பெற்றதால். தோட்டத்தில் வேலை செய்து மடிந்த மற்றப் பெண்களுக்கு அப்படி இணைத்துக் காட்ட யாருமில்லை.

தவறு நடந்ததும் அவர்கள் ஏன் திருத்தவில்லை என்று கேட்கத் தோன்றும். காரணம் அந்த எண். ஒப்பந்தத் தொழிலாளி தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டுமானால் கையில் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் சாலையில் பிடிபட்டால் சிறை. சீட்டில் உள்ள பெயர் தவறு, என் பெயர் வேறு என்று போலீஸ்காரனிடம் சொல்வது தன்னைத் தானே மாட்டிவிடுவதற்குச் சமம். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதற்கு 'ஆமாம்' என்று சொல்வதே பாதுகாப்பு. பத்து ஆண்டு காலனியில் இருந்தவருக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம் உண்டு. அந்த உரிமையைக் கேட்கவும் எண்ணும் பதிவேட்டுப் பெயரும் பொருந்த வேண்டும்.

1895-ல் வந்த ஒரு சட்டம் இதை இன்னும் இறுக்கியது. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்கள், காலம் முடிந்தபின் மறு ஒப்பந்தம் செய்ய வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். ஒரு கூலியின் முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுண்டு என்றால் ஆறு மாதச் சம்பளம். ஒருவர் எந்த வருஷம் எந்தக் கப்பலில் வந்தார் என்பதே அவர் வரி கட்ட வேண்டியவரா இல்லையா என்று முடிவு செய்தது. 1913-ன் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-ல்தான் அந்த வரி ஒழிந்தது. இப்படி விடுதலைச் சீட்டு, கலியாணப் பதிவு, பிறப்பு, இறப்பு, சொத்து என்று ஒவ்வொன்றும் முந்தைய காகிதத்தைப் பார்த்தே எழுதப்பட்டது. 1950-ம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொருவரின் பெயரையும் இனத்தையும் ஒரே பதிவேட்டில் ஏற்றியபோது, முதல் எழுத்தர் போட்ட எழுத்துக்கூட்டல் பேரன்களின் சட்டப்படியான பெயராகிவிட்டது. எல்லிஸ் தீவில் தவறு பட்டியலோடு நின்றுவிட்டது. நேட்டாலில் அது மனிதரைத் தொடர்ந்து போனது.

எல்லாப் பிழைக்கும் எழுத்தரையே குற்றம் சொல்லவும் முடியாது. கடனுக்குப் பயந்து ஓடியவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பியவர்கள், சாதி மாறிக் காதலித்துத் தப்பியவர்கள் வேண்டுமென்றே வேறு பெயரும் வேறு சாதியும் சொன்னார்கள். பிறந்த இடத்தில் ஒதுக்கப்பட்ட ஒருவர் டிப்போவில் வேறொரு சாதிப் பெயரைச் சொல்லியிருந்தால், அது அவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகத் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பு. அதைப் பிழை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்று வேர் தேடுகிறவருக்கு இதுவும் அதே தடைதான். பட்டியலில் உள்ள பெயர் கேட்டவரின் தவறா, எழுதியவரின் அவசரமா, சொன்னவரின் முடிவா என்று அந்த ஒரு வரியை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

அப்படித் தேடுகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள். மூல ஏடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கணினியில் தேடும்படி அவை தட்டச்சு செய்யப்பட்டிருக்கின்றன. வசதிதான். ஆனால் பழைய கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் கையிலும் புதிய பிழைகள் சேர்ந்திருக்கும். குப்புசாமியைத் தேடுகிறவர் இத்தனை வடிவங்களையாவது போட்டுப் பார்க்க வேண்டும்:

```
Kuppusamy
Kuppusami
Cuppusamy
Coopoosamy
Coopusawmy
```

நூற்றுக்கணக்கான குப்புசாமிகள் வருவார்கள். ஆகவே பெயரில் தொடங்குவது சரியான வழி அல்ல. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் காகிதங்களிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். தாத்தாவின் இறப்புச் சான்று, அவர் பெற்றோரின் கலியாணப் பதிவு, பழைய பிறப்புப் பதிவு ஆகியவற்றில் எங்காவது ஓரத்தில் அந்த எண் எழுதியிருக்கும். பெயரை எத்தனை விதமாக எழுதியிருந்தாலும் எண் ஒருவருக்கு ஒன்றே. எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் சரியான வரி நேராகக் கிடைக்கும். எண்ணிலும் ஓர் இலக்கம் மாறியிருக்க வாய்ப்புண்டு என்பதால், வயதும் தகப்பன் பெயரும் ஏறத்தாழப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவசியம். இடது கையில் தழும்பு என்பது போன்ற அடையாளக் குறிப்பும் சில வீடுகளில் பாட்டிமார் சொல்லிக் காத்த நினைவோடு பொருந்திவிடுவதுண்டு.

அதற்கடுத்த சிக்கல் கிராமம். மனிதரின் பெயரை எழுதிய அதே கை ஊரின் பெயரையும் எழுதியது. எழுத்துக்கூட்டலை ஒருவாறு அவிழ்த்தாலும், புதூரும் நல்லூரும் தாலுகாவுக்கு ஒன்று இருக்கும். மேல் எது, கீழ் எது என்பதை எழுத்தர் விட்டிருப்பார். வட ஆர்க்காடு ஜில்லா பலமுறை பிரிந்து, இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களாகக் கிடக்கிறது. ஒரு பகுதி ஆந்திரத்தின் சித்தூருக்குப் போய்விட்டது. பட்டியலில் உள்ள தாலுகாவை அந்தக் காலத்து எல்லையோடு வைத்துப் பார்க்காமல் இன்றைய வரைபடத்தில் ஊரைத் தேடினால், தவறான கிராமத்தில் போய் நிற்க நேரும். அங்கேயும் ஒரு முனுசாமி வம்சம் இருக்கும், அவர்களும் அன்போடு உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். உறவு உறுதியாகிவிட்டது என்று நம்பித் திரும்பிப் போவது எளிது.

எழுத்துக்கூட்டலால் கெடாத இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று, அண்ணன் தம்பி அக்கா தங்கைகளின் பெயர் வரிசை. குப்புசாமி என்ற ஒரு பெயர் பொருந்துவதற்குப் பொருளே இல்லை. குப்புசாமி, பெருமாள், கோவிந்தன் என்று மூன்றும் அதே வரிசையில் பொருந்தினால் அது தற்செயலாக இருப்பது கடினம். மற்றது குலதெய்வம். எழுத்தர் அதைக் கேட்கவில்லை, அதற்குப் பட்டியலில் கட்டமும் இல்லை, ஆகவே அது எந்தக் கையிலும் சிதையவில்லை. தமிழ் பேசத் தெரியாத டர்பன் குடும்பங்களிலும் வருஷத்துக்கு ஒருமுறை எந்த அம்மனுக்கு, எந்த மாதத்தில், என்ன படைக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கமாக நிற்கிறது. இங்கே, ஆரணி, போளூர், குடியாத்தம் பக்கங்களில், "கொள்ளுத் தாத்தாவின் தம்பி கரும்புத் தோட்டத்துக்குப் போனார், திரும்பவில்லை" என்று சொல்லும் வீடுகள் இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைக்கலாம்: அந்தத் தலைமுறையில் கூடப்பிறந்தவர்கள் எல்லோருடைய பெயரும் மூத்தவரிலிருந்து வரிசையாக, குலதெய்வமும் அதன் கோயில் இருக்கும் ஊரும். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தமிழில் எழுதிவிட வேண்டும். அங்கிருந்து தேடி வருகிறவர் கையில் இருப்பது எழுத்தர் எழுதிய ஒரு வரி மட்டுமே. அதோடு ஒப்பிட இங்கே ஒன்று இருக்க வேண்டும்.